பிராண்ட் பொருள் டூப்ளிகேட் போலத் தெரிகிறது: விற்பவருக்கு ரீஃபண்ட் கேட்டு எழுதும் கடிதம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆன்லைன் விற்பனைத் தளம் ஒன்றின் புகார்ப் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். இந்த மாதிரிக் கடிதங்களை நாள் முழுக்கப் படிப்பதுதான் அங்கே என் வேலை. அப்புறம் நானே ஒரு ஜோடி ஓட்டப்பயிற்சி ஷூ வாங்கி, அதே கடிதத்தை எழுத வேண்டி வந்தது. கீழே உதாரணமாக வருவது அந்த ஷூதான். கைப்பை, கைக்கடிகாரம், வாசனைத் திரவியம் எதுவானாலும் கடிதத்தின் போக்கு மாறாது.

பெட்டியைத் திறந்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. உடனே விற்பவருக்கு எழுதட்டுமா?

ஒரு மணி நேரம் பொறுங்கள். முதலில் அந்தப் பொருளின் விற்பனைப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். தலைப்பு, படங்கள், விற்பவர் பெயர், ‘ஒரிஜினல்’ என்று சொல்லியிருக்கும் வரி எல்லாம் அதில் தெரிய வேண்டும். புகார் போன மறுநாளே அந்தப் பக்கம் காணாமல் போவதையும், ‘ஒரிஜினல்’ என்ற சொல் சத்தமில்லாமல் ‘அதே ஸ்டைல்’ என்று மாறுவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். பக்கம் போய்விட்டால் உங்களிடம் இருப்பது ஒரு ஷூ மட்டும்தான். விற்பவர் என்ன வாக்குக் கொடுத்தார் என்பதற்குச் சாட்சி இருக்காது.

அடுத்து, பார்சல் கவரைத் தூக்கி எறியாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் முகவரி லேபிள், அதனுடைய டிராக்கிங் எண், உள்ளே இருந்த பெட்டி, பில் எல்லாவற்றையும் ஒரே படத்தில் பொருளோடு சேர்த்து எடுங்கள். “நாங்கள் அனுப்பியது இது இல்லை, வாங்கியவர் மாற்றி வைத்துவிட்டார்” என்பதுதான் விற்பவர்கள் சொல்லும் முதல் சமாதானம். அதற்குப் பதில் இந்த ஒரு படத்தில் இருக்கிறது. தொங்கும் அட்டையை வெட்ட வேண்டாம், ஷூவைப் போட்டு நடக்கவும் வேண்டாம்.

பார்த்தாலே டூப்ளிகேட் என்று தெரிகிறது. ஆனால் அதை எப்படி எழுத்தில் சொல்வது?

‘தரம் மட்டம்’, ‘வாசனையே சரியில்லை’, ‘கையில் எடுத்தாலே தெரிகிறது’ என்று எழுதினால் எடுபடாது. படிப்பவர் கையில் ஷூ இல்லை, படம்தான் இருக்கிறது. அதனால் படத்தில் தெரிகிற, இரண்டு இடத்தில் ஒப்பிட்டுக் காட்ட முடிகிற விஷயங்களைத் தேடுங்கள்.

ஷூவில் இதற்கு முதல் இடம் மாடல் எண். பெட்டியின் பக்கவாட்டு லேபிளில் ஒரு எண் இருக்கும். ஷூவின் உள்ளே, லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கு போன்ற பட்டையின் பின்பக்க லேபிளிலும் அதே எண் இருக்க வேண்டும். எனக்கு வந்ததில் பெட்டி எண் 102 என்று முடிந்தது, உள் லேபிளில் 105 என்று இருந்தது. உள் லேபிளில் இருந்த முழு எண்ணைத் தேடியபோது, அது அதே பிராண்டின் வேறு மாடல், அதுவும் வேறு நிறம் என்று தெரிந்தது. விற்பவரால் மறுக்க முடியாத ஆதாரம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். “எனக்கு இப்படித் தோன்றுகிறது” என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. எண்கள் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, இடது கால், வலது கால் லேபிள்கள். சில பிராண்டுகள் ஒவ்வொரு காலுக்கும் தனித்தனி எண் அச்சிடுகின்றன. அப்படிப்பட்ட பிராண்டில் இரண்டு காலிலும் ஒரே எண் இருந்தால், லேபிளை நகல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். உங்கள் பிராண்டுக்கு அந்த வழக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இதை எழுத வேண்டும். மூன்றாவதாக, பிராண்டின் சொந்தத் தளத்தில் அதே மாடலின் படத்தை எடுத்து, அதே கோணத்தில் உங்கள் ஷூவையும் படம் பிடித்துப் பக்கத்தில் வையுங்கள். லோகோவின் வளைவு, தையல் வரிசைகளின் எண்ணிக்கை, துளைகளின் எண்ணிக்கை இவையெல்லாம் எண்ணிக் காட்ட முடிந்தவை.

பசை வழிந்திருப்பதையும் நூல் நீட்டிக்கொண்டிருப்பதையும் முதன்மை ஆதாரமாக வைக்காதீர்கள். அசல் ஷூவிலும் அவை வரும். தயாரித்த நாட்டின் பெயரும் அப்படித்தான். பெரிய பிராண்டுகள் பல நாடுகளில் தயாரிப்பதால், எதிர்பாராத நாட்டின் பெயர் இருப்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

சீரியல் நம்பரைப் பிராண்டின் தளத்தில் போட்டுப் பார்த்தேன், சரி என்று வருகிறது. அப்போ ஒரிஜினல்தானா?

அந்த எண் ஒரிஜினல். அதை ஒட்டியிருக்கும் பொருள் எப்படியோ தெரியாது. ஒரு அசல் பெட்டியிலிருந்து ஒரு எண்ணை எடுத்து ஆயிரக்கணக்கான போலிப் பெட்டிகளில் அச்சிடுவது இந்தத் தொழிலில் பழைய தந்திரம். தளம் அந்த எண் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்கிறது. QR கோடு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். போலிப் பெட்டியில் இருக்கும் கோடு, பிராண்டின் தளத்தைப் போலவே தோற்றம் கொண்ட வேறொரு பக்கத்துக்கு அழைத்துப் போய் ‘வாழ்த்துகள், உங்கள் பொருள் அசல்’ என்று காட்டலாம். அந்த QR கோடை ஸ்கேன் செய்யாமல் பிராண்டின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள்.

தப்பான எண் வந்தால் அது உங்களுக்கு நல்ல ஆதாரம். சரியான எண் வந்தால் அதனால் விற்பவருக்குப் பெரிய லாபம் இல்லை.

கடிதத்தில் ‘போலி’ என்று நேரடியாக எழுதலாமா?

நான் எழுத மாட்டேன். பயந்துகொண்டு சொல்லவில்லை, கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன்.

‘இது போலி’ என்று எழுதிய கணமே, அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் ஏறிவிடுகிறது. விற்பவர் உடனே “பிராண்ட் நிறுவனத்திடமிருந்து சான்றிதழ் வாங்கி வாருங்கள்” என்பார். அந்தச் சான்றிதழ் சாதாரணமாகக் கிடைக்காது. அதையே ‘நீங்கள் விற்பனைப் பக்கத்தில் சொன்ன பொருளோடு இது பொருந்தவில்லை’ என்று எழுதினால், பேச்சு அவர் கொடுத்த வாக்குக்குத் திரும்பிவிடுகிறது. 102 என்று விற்றார், 105 வந்தது. அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்த வித்தியாசம் வெறும் நாகரிகப் பேச்சு இல்லை. கார்டு நிறுவனங்களின் விதிகளிலேயே இருக்கிறது. விசா கார்டில் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழக்குகளுக்குத் தனித்தனி எண்கள் உண்டு. ‘சொன்னபடி இல்லாத பொருள்’ என்பதற்கு 13.3, ‘போலிப் பொருள்’ என்பதற்கு 13.4. போலி என்ற எண்ணின் கீழ் போக வேண்டுமானால், பொருள் போலி என்று பிராண்டின் உரிமையாளரோ, சுங்கத்துறை போன்ற அரசு அமைப்போ, துறை அறிந்த மூன்றாம் நபரோ சொல்லியிருக்க வேண்டும். சொன்னபடி இல்லை என்பதற்கு நீங்கள் கண்ட வேறுபாட்டை விளக்கினால் போதும், கூடவே பொருளைத் திருப்பித் தர முயன்றதையும் காட்ட வேண்டும். எது எளிது என்று நீங்களே பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. சில தளங்களின் கிடங்கில் ஒரே பார்கோடு உள்ள சரக்கை, பல விற்பவர்களிடமிருந்து வாங்கி ஒன்றாகக் கலந்து வைத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நேர்மையான விற்பவரின் பெயரில் வேறொருவரின் போலிச் சரக்கு உங்கள் வீட்டுக்கு வரலாம். ‘திருடன்’ என்று ஆரம்பித்தால், உங்களுக்கு உதவத் தயாராக இருந்த ஆளையும் எதிரியாக்கிக்கொள்வீர்கள். ‘அசல் பொருளா என்ற சந்தேகத்தைத் தருகிறது’ என்பது வரைக்கும் போகலாம், அது போதும்.

சரி, ஒரு மாதிரிக் கடிதம் காட்டுங்கள்.

நான் அனுப்பியதை, ஆர்டர் எண்ணையும் பெயரையும் மட்டும் எடுத்துவிட்டுத் தருகிறேன். தளத்தின் செய்திப் பெட்டியிலேயே அனுப்பினேன்.

> பொருள்: ஆர்டர் எண் ______ – விற்பனைப் பக்கத்தில் உள்ளபடி பொருள் இல்லை, முழு ரீஃபண்ட் கோருகிறேன்
>
> வணக்கம்.
>
> மார்ச் 3 அன்று உங்களிடம் ஒரு ஜோடி ஓட்டப்பயிற்சி ஷூ ஆர்டர் செய்தேன். மார்ச் 9 அன்று டெலிவரி ஆனது. விற்பனைப் பக்கத்தில் ‘100% ஒரிஜினல்’ என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள் (படம் 1).
>
> எனக்கு வந்த பொருளில் கீழ்க்காணும் வேறுபாடுகள் உள்ளன. பெட்டியில் உள்ள மாடல் எண் 102 என்று முடிகிறது. ஷூவின் உள் லேபிளில் 105 என்று முடிகிறது. அந்த எண் வேறொரு மாடலுடையது (படம் 2, 3). பிராண்டின் தளத்தில் உள்ள படத்தில் பக்கவாட்டு லோகோவைச் சுற்றி இரண்டு தையல் வரிசைகள் உள்ளன. எனக்கு வந்ததில் ஒன்றுதான் இருக்கிறது (படம் 4).
>
> இவற்றால் இது விற்பனைப் பக்கத்தில் சொல்லப்பட்ட அசல் பொருளா என்ற சந்தேகம் எழுகிறது. ஷூவை நான் பயன்படுத்தவில்லை. அட்டை, பெட்டி, பார்சல் கவர் எல்லாம் அப்படியே இருக்கின்றன (படம் 5).
>
> பொருளின் முழு விலையையும் டெலிவரி கட்டணத்தையும், நான் பணம் செலுத்திய அதே வழியில் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மாற்றுப் பொருள் வேண்டாம். திருப்பி அனுப்ப வேண்டுமானால், உங்கள் செலவில் டிராக்கிங் வசதியுள்ள ரிட்டர்ன் லேபிளை இந்தத் தளத்தின் மூலமாகவே அனுப்புங்கள்.
>
> மார்ச் 17-க்குள் பதில் எதிர்பார்க்கிறேன். அதற்குள் தீர்வு கிடைக்காவிட்டால் தளத்தின் வாங்குவோர் பாதுகாப்புப் பிரிவிலும், என் கார்டு வங்கியிலும் புகார் பதிவு செய்வேன்.
>
> இப்படிக்கு,
> (ஆர்டரில் உள்ள பெயர்)

‘மாற்றுப் பொருள் வேண்டாம்’ என்ற மூன்று சொற்களை விட்டுவிடாதீர்கள். விட்டால், அதே மூட்டையிலிருந்து இன்னொரு ஜோடி வரும். அதற்குள் தளத்தின் ரிட்டர்ன் கெடு முடிந்திருக்கும். ‘அதே வழியில்’ என்பதும் அப்படித்தான். இல்லாவிட்டால் அந்தக் கடையில் மட்டும் செல்லும் கூப்பனாகப் பணம் வந்து சேரும். கெடுவை ‘ஒரு வாரத்துக்குள்’ என்று எழுதாமல் தேதியாகவே எழுதுங்கள். ஒரு வாரம் எந்த நாளிலிருந்து என்று வாதாட இடம் வேண்டாமே.

இவ்வளவு அமைதியாக எழுதினால் மதிப்பார்களா? நான் கொதித்துப் போய் இருக்கிறேன்.

கோபத்தை வீட்டில் யாரிடமாவது கொட்டிவிட்டு வந்து எழுதுங்கள். இந்தக் கடிதத்தின் உண்மையான வாசகர் விற்பவர் இல்லை. அவர் மறுத்த பிறகு, தளத்திலோ வங்கியிலோ இதைத் திறந்து பார்க்கும் ஒரு ஊழியர். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வழக்குக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். நாலு பத்தி வசவுக்கு நடுவே மாடல் எண்ணைத் தேட யாருக்கும் நேரமில்லை.

ரிட்டர்ன் படிவத்தில் காரணம் எதைத் தேர்ந்தெடுப்பது?

‘விவரிப்புடன் பொருந்தவில்லை’ என்பதையோ, இருந்தால் ‘அசல் பொருளா என்ற சந்தேகம்’ என்பதையோ தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் ‘பிடிக்கவில்லை’, ‘அளவு சரியில்லை’ என்று தட்டிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் மனம் மாறித் திருப்பியவர் கணக்கில் போய்விடுவீர்கள். அனுப்பும் செலவும் உங்கள் தலையில் விழலாம்.

பாதிப் பணம் தருகிறேன், ஷூவை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் விற்பவர். வாங்கிக்கொள்ளலாமா?

முதலில் பத்து சதவீதம் தருவதாகச் சொல்வார். மறுத்தால் முப்பது, அப்புறம் பாதி. ஒவ்வொரு பேரத்துக்கும் இரண்டு மூன்று நாள் போகும். பணத்தை மிச்சப்படுத்துவது ஒரு நோக்கம், நாளைக் கடத்துவது இன்னொரு நோக்கம். பாதிக்குச் சம்மதித்தால் தகராறு தீர்ந்துவிட்டதாகத் தளம் பதிவு செய்துகொள்ளும். மறுபடி திறப்பது கடினம். “நன்றி, முழு ரீஃபண்ட்தான் கேட்கிறேன்” என்று ஒரே வரியில் பதில் போடுங்கள்.

இதைவிட மோசமான இன்னொரு வேண்டுகோள் வரும். “புகாரை முதலில் மூடுங்கள், மூடியதும் பணம் அனுப்புகிறேன்.” பணம் கணக்கில் விழும் வரை எதையும் மூடாதீர்கள். உரையாடலை வாட்ஸ்அப்புக்கு மாற்றச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். தளத்தின் செய்திப் பெட்டியில் இல்லாத பேச்சை, தளத்தின் ஊழியரால் பார்க்க முடியாது.

“இது ஒரிஜினல்தான், வேறு நாட்டுச் சந்தைக்காகத் தயாரித்தது, அதனால்தான் வித்தியாசம்” என்கிறாரே?

அப்படியும் பொருள்கள் உண்டு என்பது உண்மை. ஒரு நாட்டு விற்பனைக்காகத் தயாரித்த அசல் பொருளை, பிராண்டின் அனுமதி பெற்ற வியாபாரி அல்லாத ஒருவர் இன்னொரு நாட்டில் விற்பார். லேபிளின் மொழி, பெட்டியின் வடிவம், சில சமயம் மாடல் எண்கூட மாறலாம். அது டூப்ளிகேட் இல்லை. வாரண்டி கிடைக்காமல் போகலாம், அது வேறு பிரச்சினை.

ஆனால் எந்த நாட்டுக்குத் தயாரித்தாலும், ஒரே பெட்டிக்குள் வெளியே ஒரு எண்ணும் உள்ளே வேறொரு எண்ணும் இருக்காது. அதனால்தான் பெட்டியையும் ஷூவையும் ஒன்றோடொன்று ஒப்பிடச் சொன்னேன். வாசனைத் திரவியத்தில் பெட்டியின் அடியிலும் பாட்டிலின் அடியிலும் இருக்கும் தொகுப்பு எண் இதே வேலையைச் செய்யும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். விற்பவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: “சரக்கை நீங்கள் வாங்கிய பில்லின் நகலைத் தர முடியுமா? விலையை மறைத்துக்கொள்ளலாம்.” நேர்மையான வியாபாரியிடம் அந்த பில் இருக்கும்.

பிராண்ட் நிறுவனத்துக்கு எழுதினால் போலி என்று சான்று தருவார்களா?

படத்தை மட்டும் பார்த்து அப்படித் தருவது அரிது. “படங்களை வைத்து எங்களால் உறுதி செய்ய இயலாது” என்ற பதில்தான் அடிக்கடி வரும். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ‘இந்தப் பெயரில் உள்ள விற்பவர் உங்கள் அனுமதி பெற்றவரா?’, ‘இந்த மாடல் எண் எந்தப் பொருளுக்கு, எந்த நிறத்துக்கு உரியது?’ இவற்றுக்கு அவர்களால் பதில் சொல்ல முடியும். எனக்கு இரண்டாவது கேள்விக்கு மட்டும் இரண்டு வரியில் பதில் வந்தது. 105 என்று முடியும் எண் என் மாடலுடையது அல்ல என்று அதில் எழுதியிருந்தார்கள். அதை அப்படியே ஆறாவது படமாக இணைத்தேன், வழக்கு அங்கேயே என் பக்கம் சாய்ந்தது.

பிராண்டின் பதில் வரட்டும் என்று விற்பவருக்கு எழுதுவதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டும் ஒரே நாளில் போகட்டும்.

திருப்பி அனுப்பினால்தான் பணம் என்கிறார். அனுப்பிவிட்டால் என் கையில் ஆதாரம் இல்லையே?

நியாயமான பயம். அனுப்பும் முன் எல்லாப் பக்கங்களையும் மறுபடி படமெடுங்கள். பார்சல் கட்டுவதை லேபிள் ஒட்டுவது வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். எடையைக் காட்டும் ரசீதையும் வாங்கி வையுங்கள், ஏனென்றால் ‘வெறும் பெட்டிதான் வந்தது’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

தளம் கொடுத்த ரிட்டர்ன் முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். விற்பவர் தனியாகச் செய்தியில் ஒரு முகவரி கொடுத்தால், அதுவும் வெளிநாட்டு முகவரியாக இருந்தால், தளத்திடம் கேட்காமல் அனுப்பாதீர்கள். தளத்தின் பதிவில் அந்த ரிட்டர்ன் நடந்ததாகவே இருக்காது. போலி என்று சந்தேகிக்கும் பொருளை எல்லை தாண்டி அனுப்புவதில் சுங்கச் சிக்கலும் வரலாம்.

பதிலே வரவில்லை. அடுத்து என்ன?

நீங்கள் எழுதிய கெடு தேதி முடிந்த மறுநாள் தளத்தில் புகாரை உயர்த்துங்கள். அங்கேயும் நடக்காவிட்டால் பணம் போன வழியைப் பிடியுங்கள். விசா கார்டில் இந்த வகை வழக்குகளுக்குப் பொதுவான கெடு 120 நாள். வங்கி தன் பக்கத்தில் இன்னும் சீக்கிரம் கேட்கலாம், அதனால் கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். பேபாலில் செலுத்தியிருந்தால், பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் தகராறைத் திறக்க வேண்டும். இதில் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. திறந்த 20 நாளுக்குள் அதை அடுத்த நிலைக் கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் அது தானாக மூடிக்கொள்ளும், மறுபடி திறக்கவும் முடியாது. விற்பவர் “இன்னும் இரண்டு நாள், இன்னும் இரண்டு நாள்” என்று இழுப்பது பெரும்பாலும் இந்த 20 நாளைக் குறிவைத்துத்தான்.

டெலிவரியின்போது ரொக்கமாகக் கொடுத்திருந்தால் வங்கி வழி இல்லை. தளமும், உங்கள் நாட்டின் நுகர்வோர் குறைதீர் அமைப்பும்தான் மிச்சம். அங்கேயும் இதே கடிதத்தின் நகலைத்தான் முதல் இணைப்பாக வைப்பீர்கள்.

ஒரு நாள் போட்டு நடந்த பிறகுதான் கவனித்தேன். கேட்கலாமா?

கேளுங்கள், ஆனால் மறைக்காதீர்கள். ‘ஷூவை நான் பயன்படுத்தவில்லை’ என்ற வரிக்குப் பதிலாக ‘ஒரு முறை அணிந்தபோதுதான் உள் லேபிளைக் கவனித்தேன்’ என்று எழுதுங்கள். சோலில் தேய்மானம் தெரிந்து, கடிதத்தில் பயன்படுத்தவில்லை என்று இருந்தால், மற்ற ஐந்து உண்மைகளும் அதோடு சேர்ந்து போய்விடும். மாடல் எண் பொருந்தாதது அணிந்ததால் வந்த குறை இல்லை, அதனால் கோரிக்கை அப்படியே நிற்கும்.

ரீஃபண்ட் வந்துவிட்டது, திருப்பி அனுப்பவும் சொல்லவில்லை. ஷூவை என்ன செய்ய?

விற்காதீர்கள், விலை குறைத்துக்கூட. வாங்குபவருக்கு நீங்கள்தான் அடுத்த விற்பவர், இதே கடிதம் உங்களுக்கு வரும். பொருளை அழித்துவிடும்படி தளமோ பணம் செலுத்தும் நிறுவனமோ கேட்டால், அழித்ததற்கான படத்தையும் எடுத்து வையுங்கள். எதுவும் கேட்காவிட்டாலும், ரீஃபண்ட் வந்ததும் தூக்கிப் போட்டுவிடாமல் சில வாரம் வைத்திருங்கள். கார்டு வழியாக வந்த பணத்தை எதிர்த்து விற்பவர் மறுபடி வாதாட முடியும். அப்போது வங்கி உள் லேபிளின் இன்னொரு படம் கேட்கலாம். என்னுடையது இரண்டு மாதம் அலமாரியின் மேல் கிடந்தது. அப்புறம் லோகோவை வெட்டி எடுத்துவிட்டுக் குப்பையில் போட்டேன்.